கண் மஞ்சளாச்சு, சிறுநீர் மஞ்சளாகவில்லை

கல்லிடைக்குறிச்சியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர். வயது 62. தாமிரபரணிக்கரையில் நான் பார்த்த நாலைந்து நோயாளிகளைச் சேர்த்துக் கட்டிய ஆள் இவர், எண்கள் உட்பட. கண் மஞ்சளித்ததும் வீட்டில் கீழாநெல்லியை அரைத்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் ஆகியும் மஞ்சள் இறங்கவில்லை. கடைப்படி ஏறினாலே மூச்சு வாங்கத் தொடங்கியதும்தான் டாக்டரிடம் வந்தார்.

"ஒண்ணுக்கு மஞ்சளாப் போகுதா அண்ணாச்சி?"

"இல்ல டாக்டர், அது எப்பவும் போலத்தான் போகுது."

இந்தப் பதிலிலேயே பாதி விஷயம் இருக்கிறது. மிச்சத்தைச் சிவப்பணுச் சிதைவைக் காட்டும் மூன்று சோதனைகளில் தேடவேண்டும், முதலாவது பிலிரூபின். சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. முதிர்ந்ததை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் தின்றுவிடுகின்றன. அதிலுள்ள ஹீமோகுளோபினிலிருந்து ஹீம் என்ற இரும்புப் பகுதியைப் பிரித்து, இரும்பை எடுத்து வைத்துக்கொண்டு, ஹீமின் மிச்சத்தைப் பிலிரூபின் என்ற மஞ்சள் பொருளாக வெளியே விடுகின்றன. இந்தப் பிலிரூபின் தண்ணீரில் கரையாது. ஆல்புமின் என்ற புரதத்தின் தோளில் ஏறித்தான் கல்லீரலுக்குப் போகும். அந்தப் புரதம் சிறுநீரகச் சல்லடையில் இறங்காது என்பதால், இது எவ்வளவு கூடினாலும் சிறுநீருக்குள் வராது. கல்லீரல் இதோடு குளுக்குரோனிக் அமிலத்தைச் சேர்த்துக் கரையும்படி செய்த பிறகுதான் பித்தத்தில் கலக்கிறது. கல்லீரல் வீங்கினாலோ பித்தநாளம் அடைத்தாலோ, அந்தக் கரையும் வகை இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீரை மஞ்சளாக்கும். ஊரில் சொல்லும் மஞ்சக்காமாலை பெரும்பாலும் இந்த வகைதான்.

கரையும் வகையை ஆய்வகத்தில் டைரக்ட் என்பார்கள். மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் வருவது இன்டைரக்ட், அதாவது மறைமுக பிலிரூபின். அண்ணாச்சிக்கு மொத்தம் 2.9, டைரக்ட் 0.5. ஆக மறைமுகம் 2.4 மி.கி. கல்லீரல் செல் கெட்டால் கூடும் எஸ்.ஜி.பி.டி. சரியாகவே இருந்தது.

வெறும் 2.9தானா என்று கேட்கலாம். நாளொன்றுக்கு 6 கிராம் அளவுக்கு ஹீமோகுளோபின் உடைகிறது. ஒரு கிராமுக்கு 35 மி.கி. பிலிரூபின் என்றால் 210 மி.கி. ஆகிறது. நல்ல கல்லீரல் இதைப்போல் பல மடங்கைச் சமாளிக்கும். அதனால் சிவப்பணுச் சிதைவு மட்டும் இருந்தால் மொத்த பிலிரூபின் 5ஐத் தாண்டுவது அபூர்வம். 12, 15 என்று வந்தால் கல்லீரலையோ பித்தநாளத்தையோ தேடவேண்டும். இன்னொன்று, மறைமுக பிலிரூபின் மட்டும் லேசாகக் கூடி, ஆள் நன்றாகவே இருக்கும் கில்பர்ட் என்ற பிறவி இயல்பும் உண்டு. விரதம் இருந்தால் அவர்களுக்குக் கண் மஞ்சளிக்கும். அண்ணாச்சிக்கோ ஹீமோகுளோபின் 6.8. இவ்வளவு இரத்தசோகை கில்பர்ட்டில் வராது.

அடுத்த எண் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ், சுருக்கமாக எல்.டி.எச். சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்கச் செல்களுக்கு உதவும் நொதி இது. சிவப்பணுவுக்குள் இது வெளியே பிளாஸ்மாவில் இருப்பதைவிட நூறு மடங்குக்கு மேல் இருக்கிறது. செல் உடைந்தால் வெளியே கொட்டும். 250 வரை சரி என்று வைத்தால், அண்ணாச்சிக்கு 3,200.

இந்த எண்ணை நான் உடனே நம்பமாட்டேன். தசை, கல்லீரல், இதயம் எதில் அடிபட்டாலும் எல்.டி.எச். கூடும். அதைவிட மோசம், இரத்தம் எடுத்த குழாய்க்குள்ளேயே செல் உடைவது. சின்ன ஊசியில் இழுத்து, குழாயைக் குலுக்கி, வெயிலில் பஸ்ஸில் திருநெல்வேலிக்கு அனுப்பினால் போதும். உடம்பில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் எல்.டி.எச்.சும் பொட்டாசியமும் ஏறிவிடும். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. குழாயில் உடைந்தால் மேலே தெளியும் நீர் இளஞ்சிவப்பாக இருக்கும். பிலிரூபினும் கூடாது, ஏனென்றால் ஹீமைப் பிலிரூபினாக மாற்றும் விழுங்கு செல் குழாய்க்குள் கிடையாது. அண்ணாச்சியின் குழாயில் நீர் தெளிந்த மஞ்சள். மறுபடி எடுத்துப் பார்த்தும் அதே எண்.

மூன்றாவது ஹாப்டோகுளோபின். மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இது குறைவதுதான் சேதி. கல்லீரல் செய்து இரத்தத்தில் விடும் இந்தப் புரதத்துக்கு, தனியாக அலையும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்வது வேலை. பிடிக்காவிட்டால் அந்த ஹீமோகுளோபின் சிறுநீரகத்தில் இறங்கிக் கெடுதல் செய்யும். தனியாக இருக்கும்வரை ஹாப்டோகுளோபின் இரத்தத்தில் பல நாள் இருக்கும். ஹீமோகுளோபினைப் பிடித்துவிட்டால் சில நிமிடங்களில் விழுங்கு செல்கள் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்கின்றன. கல்லீரல் செய்வதைவிடச் செலவு வேகமாக இருந்தால் இருப்பு காலி. வழக்கமாக 30 முதல் 200 மி.கி. வரை இருக்கவேண்டியது அண்ணாச்சிக்கு 10க்கும் கீழ்.

இதிலும் ஏமாற இடமுண்டு. காய்ச்சலும் அழற்சியும் ஹாப்டோகுளோபினை ஏற்றிவிடும். அப்போது சிதைவு நடந்துகொண்டிருந்தாலும் எண் சரியாகத் தெரியும். கல்லீரல் நலிந்தவருக்குச் சிதைவே இல்லாமலும் குறையும்.

ஆக மூன்றும் ஒரே பக்கம் கை காட்டின. உடம்பே தன் சிவப்பணுக்களைத் தாக்கும் நோயாக இருக்குமோ என்று முதலில் தோன்றும். அதைப் பார்க்கும் கூம்ப்ஸ் சோதனை எதிர்மறை. ஸ்டீராய்டு எழுதக் கை போகும் முன் இன்னொரு எண் பார்க்கவேண்டும்: ரெட்டிக்குலோசைட், அதாவது எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த இளம் சிவப்பணு. இரத்த ஓட்டத்தில் அணுக்கள் உடைந்தால், நல்ல மஜ்ஜை இரவு பகலாகப் புதியவற்றை அனுப்பும். ஹீமோகுளோபின் 6.8 உள்ள ஆளுக்கு இது 10 சதவீதம் இருந்தாலும் ஆச்சரியமில்லை. அண்ணாச்சிக்கு 1 சதவீதம்.

உடைவது வெளியே இல்லை, மஜ்ஜைக்குள்ளேயே. அணுவின் சராசரிப் பருமன் 121. வழக்கமாக 100க்குள் இருக்கவேண்டும். வெள்ளணுவும் தட்டணுவும்கூடக் குறைவு. கண்ணாடித் தகட்டில் பெரிய முட்டை வடிவச் சிவப்பணுக்கள், உட்கரு ஆறேழு துண்டாகத் தெரியும் வெள்ளணுக்கள். வைட்டமின் பி12 அளவு 88; 200க்குக் கீழே போனாலே குறைவு.

டி.என்.ஏ. கட்ட பி12 வேண்டும். அது இல்லாவிட்டால் செல் பருக்கிறது, உட்கரு மட்டும் பிரிய முடியாமல் பின்தங்குகிறது. அப்படிப்பட்ட குறைச்செல்கள் வெளியே வருமுன் மஜ்ஜையிலேயே பெருமளவில் மடிகின்றன. உட்கருவோடு பருத்துச் சாகும் அந்தச் செல்களில் எல்.டி.எச். ஏராளம். 3,200 வந்தது அதனால்தான். மண்ணீரலில் சிவப்பணு உடையும் நோய்களில் பெரும்பாலும் இவ்வளவு ஏறாது. செல் எங்கே செத்தாலும் ஹீம் ஒன்றுதான், பிலிரூபின் ஒன்றுதான். மூன்று சோதனைகளும் சிதைவைச் சொல்லும், விலாசத்தைச் சொல்லாது.

அண்ணாச்சி பிறவிச் சைவம். பாலும் தயிரும் ஆகாது, காப்பியும் கருங்காப்பிதான். சொதி இருந்தால் மூன்று தட்டு சாப்பிடுவார். ஆனால் தேங்காய்ப்பாலில் பி12 கிடையாது. சர்க்கரைக்கு ஒன்பது வருடமாக மெட்ஃபார்மின் வேறு. அதுவும் பி12 உறிஞ்சுவதைக் குறைக்கும். நாக்கு வழுவழுப்பாக எரிந்ததையும், "காலு மதமதன்னு இருக்கு" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததையும், கேட்ட பிறகுதான் சொன்னார்.

1,000 மைக்ரோகிராம் பி12 ஊசி போடத் தொடங்கினார்கள். மஜ்ஜை திடீரென்று செல் கட்டும்போது இரத்தத்துப் பொட்டாசியத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் முதல் சில நாள் அதைக் கவனித்தார்கள். ஏழாம் நாள் ரெட்டிக்குலோசைட் 16 சதவீதம், எல்.டி.எச். 900. ஒரு மாதத்தில் எல்.டி.எச். 230, மறைமுக பிலிரூபின் 0.6, ஹாப்டோகுளோபின் 95, ஹீமோகுளோபின் 10. கண் வெளுத்துவிட்டது, படியும் ஏறுகிறார். கால் மதமதப்பு மட்டும் பாதிதான் போயிருக்கிறது. நரம்புக்கு மாதக்கணக்கு ஆகும், முழுக்கப் போகாமலும் இருக்கலாம்.