ஒரே சப்ளையருக்கு இரண்டு பதிவெண்கள்: இரட்டைப் பதிவு எப்படி உருவாகிறது, எங்கே தடுக்க முடியும்

கோயம்புத்தூரில் இயங்கும் ஒரு பம்ப் தொழிற்சாலையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அது வார்ப்பிரும்பு உறைகளை ஒரு சிறிய பவுண்டரியிடம் வாங்குகிறது. தொழிற்சாலையின் கணினியில் அந்தப் பவுண்டரி இப்படிப் பதிவாகியிருக்கிறது:

```
100482   SRI LAKSHMI CASTINGS   641006
117935   SREE LAXMI CASTING     641006
```

இரண்டும் ஒரே பவுண்டரிதான். முதல் பதிவைப் பல ஆண்டுகளுக்கு முன் முதல் யூனிட்டின் கொள்முதல் பிரிவு உருவாக்கியது. இரண்டாவதை, பேட்டர்ன் பழுதுபார்த்த வேலைக்குப் பணம் கொடுப்பதற்காக இரண்டாவது யூனிட்டின் பராமரிப்புப் பிரிவு உருவாக்கியது. பெயரைத் தேடிப் பார்த்தபோது கிடைக்கவில்லை என்பதால் புதிதாகச் சேர்த்துவிட்டார்கள்.

இதனால் என்ன கேடு வரும் என்பதை அறிய, கணக்கு மென்பொருள் ஒரே பில்லுக்கு இருமுறை பணம் போவதை எப்படித் தடுக்கிறது என்று பார்க்க வேண்டும். பில்லைப் பதிவு செய்யும்போது, அதே சப்ளையர் எண், அதே பில் எண், அதே தேதி, அதே தொகை கொண்ட வேறொரு பதிவு முன்பே இருக்கிறதா என்று மென்பொருள் சோதிக்கிறது. எல்லாம் ஒத்துப்போனால்தான் எச்சரிக்கும். 23,600 ரூபாய் பழுதுபார்ப்பு பில் ஒன்று காகிதமாக முதல் யூனிட்டுக்கும், மின்னஞ்சலில் இரண்டாவது யூனிட்டுக்கும் வந்து, ஒன்று 100482 என்ற எண்ணிலும் மற்றொன்று 117935 என்ற எண்ணிலும் பதிவானால், சப்ளையர் எண் வேறுபடுவதால் மென்பொருளின் பார்வையில் அவை இரண்டு தனித்தனி பில்கள். பணம் இருமுறை போகிறது. பொருள் வாங்கும்போது கொள்முதல் ஆணை, சரக்கு வரவுச் சீட்டு, பில் ஆகிய மூன்றையும் ஒப்பிடும் வழக்கம் இருப்பதால் இந்தத் தவறு பெரும்பாலும் அங்கே மாட்டிக்கொள்ளும். ஆணை இல்லாமல் பணம் கொடுக்கும் பழுது, வண்டி வாடகை போன்ற செலவுகளில்தான் அது தப்பிப் போகிறது.

வருமான வரிப் பிடித்தத்திலும் இதே ஓட்டை உண்டு. ஒப்பந்த வேலைக்கு ஒரு பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, ஆண்டு மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ டிடிஎஸ் பிடிக்க வேண்டும். ஒரு பதிவில் 70,000, மற்றொன்றில் 60,000 என்று சிறு பில்களாகப் பிரிந்துகிடந்தால் இரண்டுமே வரம்புக்குள் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் 1,30,000 ரூபாய்க்கு வரி பிடிக்காமல் விட்டிருப்பார்கள். பிடிக்காத வரிக்கு வட்டியோடு பதில் சொல்ல வேண்டியது தொழிற்சாலைதான்.

பெயரை வைத்துத் தேடாமல் அடையாள எண்ணை வைத்துத் தேடினால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இந்தியாவில் 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகளும் எண்களும் உண்டு. முதல் இரண்டு இடங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடங்கள் அந்த நிறுவனத்தின் பான் எண்ணே. கடைசி இடம், முன்னால் உள்ள பதினான்கையும் வைத்துக் கணக்கிடப்படும் சரிபார்ப்பு எழுத்து என்பதால், தட்டச்சில் ஓர் இடம் தவறினாலும் மென்பொருள் அதை அப்போதே கண்டுபிடிக்க முடியும். ஏற்கெனவே இருக்கும் பதிவுகளில் ஒரே பான் எண் எத்தனை முறை வருகிறது என்று பார்க்கச் சில வரிகள் போதும்:

```
SELECT SUBSTR(gstin, 3, 10) AS pan, COUNT(*)
FROM supplier
WHERE LENGTH(gstin) = 15
GROUP BY SUBSTR(gstin, 3, 10)
HAVING COUNT(*) > 1;
```

இந்தப் பட்டியலில் வருபவை எல்லாம் இரட்டைப் பதிவுகள் அல்ல. இங்கேதான் விஷயம் கணினியிடமிருந்து மனிதர்களிடம் வருகிறது. ஒரே நிறுவனம் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் பான் ஒன்று, ஜிஎஸ்டி எண்கள் இரண்டு. அவை தனித்தனியே இருக்க வேண்டிய பதிவுகள். தனி உரிமையாளர் ஒருவர் தம் ஒரே பான் எண்ணில் பவுண்டரியையும் லாரி வாடகைத் தொழிலையும் வெவ்வேறு பெயர்களில் நடத்தலாம். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. அதே உரிமையாளர் தம் தம்பியைச் சேர்த்துக்கொண்டு பங்குதாரர் நிறுவனமாக மாறினால், பெயர்ப்பலகையும் ஷெட்டும் தொலைபேசி எண்ணும் மாறாமலே பான் எண் மட்டும் மாறுகிறது. சட்டப்படி அது வேறு சப்ளையர். பழைய பதிவிலேயே புதிய பான் எண்ணை எழுதிவிட்டால், பழைய நிறுவனத்துக்குக் கொடுத்த முன்பணம் புதிய நிறுவனத்தின் கணக்கில் நின்றுவிடும்.

ஆகவே, ‘ஒரு சப்ளையர்’ என்றால் எது என்பதை ஒருவர் முடிவுசெய்து எழுதிவைக்க வேண்டும். சப்ளையர், வாடிக்கையாளர் போன்ற அடிப்படை விவரங்களைப் பேணும் மாஸ்டர் பதிவு நிர்வாகத்தின் முதல் வேலை அதுதான். மென்பொருள் வாங்குவது அதற்குப் பின்னால் வருவது. ஜிஎஸ்டி எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு, டிடிஎஸ் கணக்குக்கு அவற்றைப் பான் எண் வாரியாகத் தொகுப்பது, பான் எண் மாறினால் கட்டாயமாகப் புதிய பதிவு என்று விதி வைத்தால் மேலே சொன்ன எல்லாச் சூழல்களுக்கும் விடை கிடைத்துவிடும். விதி எழுதப்படாத இடத்தில் ஒவ்வொரு குமாஸ்தாவும் தமக்குச் சரியெனப் பட்டதைச் செய்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஜிஎஸ்டி எண் இல்லாத சிறு சப்ளையர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் பான் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் ஒப்பிடலாம். இவை இரண்டும் பெரும்பாலும் போதும். ஒரே வங்கிக் கணக்கு இரண்டு சப்ளையர்களிடம் காணப்பட்டால் அது இரட்டைப் பதிவாக இருக்கலாம், மோசடியாகவும் இருக்கலாம். எதுவாயினும் ஆள் பார்த்தே தீர வேண்டும்.

எண்கள் எதுவும் கிடைக்காதபோதுதான் பெயர் ஒப்பீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஒரு சொல்லை மற்றொன்றாக மாற்ற எத்தனை எழுத்துகளைத் திருத்த வேண்டும் என்று எண்ணுவது எளிய முறை. LAKSHMI என்பதை LAXMI ஆக்க மூன்று திருத்தங்கள் வேண்டும். LAKSHMAN ஆக்க இரண்டே போதும். அதாவது இந்த முறை லட்சுமியை லட்சுமியோடு சேர்ப்பதற்கு முன் லட்சுமணனோடு சேர்த்துவிடும். அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை, ஒலியால் நெருங்கிய மெய்களுக்கு ஒரே இலக்கம் தருகிறது. அதில் LAKSHMI, LAXMI இரண்டுக்கும் L250 என்ற குறியீடு. LAKSHMAN என்பதற்கு L255. இங்கே அது சரியாகப் பிரித்துவிட்டது. ஆனால் அது ஆங்கில ஒலிகளுக்காக அமைக்கப்பட்டது. PAZHANI என்று எழுதினால் P250, PALANI என்று எழுதினால் P450 என்று நம் ழகரத்திடம் தோற்றுப்போகிறது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்வதால் GANESAN, KANESAN இரண்டும் அதில் ஒருபோதும் சந்திப்பதில்லை. தமிழ்ப் பெயர்களைக் கையாளும் நிறுவனம், ZH என்பதை L ஆக்குவது, KSH என்பதை X ஆக்குவது, EE என்பதை I ஆக்குவது போன்ற தன் சொந்த மாற்று விதிகளை ஒப்பீட்டுக்கு முன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெயர் மட்டுமே ஒத்துப்போவது போதிய சான்று அல்ல. ‘ஸ்ரீ லட்சுமி’ போன்ற பரவலான பெயர் ஒத்துப்போவதற்குக் குறைந்த மதிப்பும், தொலைபேசி எண் ஒத்துப்போவதற்கு அதிக மதிப்பும் தர வேண்டும். இந்தக் கருத்துக்கு ஃபெல்லேகி, சன்டர் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1969இல் கணித வடிவம் கொடுத்தார்கள். மதிப்புகளின் கூட்டுத்தொகை ஒரு மேல் எல்லையைத் தாண்டினால் ஒரே ஆள், ஒரு கீழ் எல்லைக்கும் குறைந்தால் வேறு ஆள், இடையில் நின்றால் மனிதர் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் காட்டிய முறை. அந்த இடைப்பட்ட பட்டியலைப் பார்ப்பதற்குப் பெயர் குறிப்பிட்டு ஒருவரை நியமிக்காத நிறுவனத்தில் பட்டியல் நீண்டுகொண்டே போகும், யாரும் திறக்க மாட்டார்கள்.

இனி, பதிவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. முழுப் பதிவையும் ஒரே துறையிடம் கொடுப்பது நல்லதல்ல என்பது என் கருத்து. பெயர், முகவரி, பணம் கொடுக்கும் கெடு ஆகியவை கொள்முதல் துறைக்குத் தெரிந்தவை. பான், ஜிஎஸ்டி, டிடிஎஸ் விவரங்களுக்குக் கணக்குத் துறை பொறுப்பு. வங்கிக் கணக்கு எண்ணைப் பணப் பொறுப்பில் இருப்பவர் மட்டுமே தொட வேண்டும். சப்ளையரைச் சேர்க்கும் கையும் வங்கி எண்ணை மாற்றும் கையும் ஒன்றாக இருக்கக் கூடாது. எஸ்ஏபி போன்ற மென்பொருள்களில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு: வங்கி எண் மாற்றப்பட்டால், வேறொருவர் உறுதிசெய்யும் வரை அந்தச் சப்ளையருக்குப் பணம் போகாது. உறுதிசெய்பவர், மாற்றம் கேட்டு வந்த கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்கக் கூடாது. முன்பே பதிவில் இருக்கும் எண்ணைத்தான் அழைக்க வேண்டும். ஏமாற்றுகிறவர்கள் தங்கள் எண்ணைத்தான் கடிதத்தில் தருவார்கள்.

வாடிக்கையாளர் பதிவில் ஆபத்தின் திசை மாறுகிறது. பம்ப் விற்கும் டீலர் ஒருவருக்கு இரண்டு பதிவுகள் இருந்து, ஒவ்வொன்றிலும் பத்து லட்சம் ரூபாய் கடன் வரம்பு இருந்தால், அவருக்கு நிறுவனம் அறியாமலே இருபது லட்சம் கடன் கொடுத்திருக்கிறது. இந்தப் பதிவுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் விற்பனைத் துறையின் ‘புதிய வாடிக்கையாளர்’ இலக்குதான் இருக்கும். ஆகவே கடன் வரம்பை அவர்கள் கையில் விடாமல் கணக்குத் துறையிடம் வைப்பது முறை. ஒரே ஒரு பம்ப் வாங்கும் விவசாயியிடம் பான் எண் கேட்க முடியாது. கைபேசி எண்தான் அடையாளம். ஒரே எண்ணை ஒரு குடும்பமே பயன்படுத்தலாம், கைவிடப்பட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போகலாம். எனவே அங்கே கைபேசி எண் ஒத்துப்போனதும் தானாக இணைத்துவிடக் கூடாது. ஒருவருடைய உத்தரவாதம் மற்றொருவர் பெயரில் போய்ச் சேர்ந்தால், அதைப் பிரித்தெடுப்பது இரட்டைப் பதிவை இணைப்பதைவிடக் கடினம்.

கண்டுபிடித்த இரட்டையை அழிக்கவும் கூடாது, ஏனெனில் பழைய பில்கள் அந்த எண்ணைச் சார்ந்து நிற்கின்றன. 117935 என்ற எண்ணில் நிலுவையில் உள்ள தொகைகளை 100482க்கு மாற்றி, திறந்திருக்கும் ஆணைகளை முடித்து, அந்த எண்ணில் புதிய பதிவு எதையும் அனுமதிக்காமல் பூட்டிவிட்டு, அது இப்போது 100482 என்ற குறிப்பைச் சேர்க்க வேண்டும். எஞ்சும் பதிவில் எந்த விவரத்தை வைத்துக்கொள்வது என்பதையும் ஒவ்வொரு விவரமாக முடிவுசெய்ய வேண்டும்: ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் சரிபார்த்து, வங்கி எண்ணைக் கடைசியாக உறுதிசெய்யப்பட்டதிலிருந்து எடுத்து. முன்பு இரட்டைப் பணம் போனதா என்று அறிய, சப்ளையர்கள் பதிவேற்றிய பில்களை வாங்கியவருக்குக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை உதவும். சப்ளையர் ஒருமுறை மட்டுமே பதிவேற்றிய பில் நம் புத்தகத்தில் இருமுறை இருந்தால் அங்கே கணக்கு ஒத்துப்போகாது.

ஒரு விஷயத்தை மட்டும் கடைசியில் கவனிக்கச் சொல்வேன். புதிய சப்ளையரைச் சேர்க்க மூன்று நாள் ஆகிறது, வாசலில் சரக்கு வண்டி நிற்கிறது என்றால், மக்கள் ‘ஒருமுறை சப்ளையர்’ என்ற பொதுக் கணக்கில் பெயரைத் தட்டச்சு செய்து பணத்தை அனுப்பிவிடுவார்கள். அங்கே பான் ஒப்பீடும் இல்லை, இரட்டை பில் சோதனையும் சரியாக வேலை செய்யாது. அந்தப் பொதுக் கணக்கின் வழியாகப் போகும் தொகை மாதாமாதம் கூடுகிறதென்றால், சேர்க்கும் நடைமுறை மிகவும் மெதுவாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு விதியை இறுக்குவது தீர்வல்ல, அனுமதி தரும் நேரத்தைத்தான் குறைக்க வேண்டும்.