பெயரைச் சொல்லாத அறிக்கை: தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கும் மோசடி ஆய்வாளர் சான்றிதழும்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் கணக்குத் தணிக்கை செய்கிறவர்கள் சி.எஃப்.இ. என்கிற மோசடி ஆய்வாளர் சான்றிதழைப் பற்றி விசாரிக்கும்போது முதலில் கேட்பது, "பத்து வருஷமா ஃபேக்டரிக் கணக்கு பார்க்கிறேன், அந்த அனுபவம் போதாதா?" என்பதுதான். ஆண்டுகள் போதும். ஆனால் அந்த ஆண்டுகளில் என்ன வேலை செய்தீர்கள் என்பதை வைத்துத்தான் அனுபவம் கணக்கில் ஏறும்.

சான்றிதழைத் தருவது அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் இருக்கும் ஏ.சி.எஃப்.இ. என்ற சங்கம். 1988இல் தொடங்கியது. அதன் புள்ளிக்கணக்கு எளிது. தேர்வு எழுத 40 புள்ளி, சான்றிதழ் பெற 50 புள்ளி. இளங்கலைப் பட்டத்துக்கு 40, மோசடி சார்ந்த வேலை அனுபவம் ஒவ்வோர் ஆண்டுக்கும் 5, பட்டயக் கணக்காளர் போன்ற தொழில்முறைத் தகுதிக்கு 10. பி.காம். முடித்து இரண்டு ஆண்டு பொருத்தமான வேலை பார்த்தவருக்குச் சரியாக 50 வந்துவிடும். பலர் தடுமாறுவது அடுத்த இடத்தில். பி.காம்.மும் சி.ஏ.வும் இருப்பவருக்கு அனுபவமே இல்லாமல் 50 வந்துவிடுகிறது. ஆனால் அது மட்டும் இருந்தால் சான்றிதழ் கைக்கு வராது. குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவம் என்பது புள்ளிக்குள் அடங்காத தனி நிபந்தனை. தேர்வை முன்னதாகவே எழுதி முடிக்கலாம். அந்த இரண்டு ஆண்டு நிறையும்வரை சி.எஃப்.இ. என்று பெயருக்குப் பின்னால் போடக் கூடாது.

இந்திய பட்டயக் கணக்காளர் கழகமான ஐ.சி.ஏ.ஐ. நடத்தும் தடயக் கணக்கியல் படிப்பு வேறு வழி. அது கழகத்தின் உறுப்பினர்களுக்கு மட்டும். சி.ஏ. முடிக்காத உள்தணிக்கையாளருக்கும், காவல் துறையிலோ வங்கியின் கண்காணிப்புப் பிரிவிலோ இருப்பவருக்கும் சி.எஃப்.இ. வழிதான் திறந்திருக்கிறது.

எந்த வேலை அனுபவமாக எண்ணப்படும்? வவுச்சரையும் பில்லையும் ஒப்பிட்டுக் குறியிட்டுப் போவது மட்டும் போதாது. கணக்கு முறையில் ஓட்டை எங்கே என்று மதிப்பிட்டது, உள்கட்டுப்பாடு வகுத்தது, எண்களில் வழக்கத்துக்கு மாறான போக்கைக் கண்டது, அந்த அறிகுறியைப் பின்தொடர்ந்து போனது ஆகியவைதான் கணக்கு, தணிக்கை வகையில் சேரும். இழப்புத் தடுப்பு என்று ஒரு வகை உண்டு. ஆனால் வாயிற்காவல் வேலை அதில் சேராது. ஒரே ஃபேக்டரியில் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரில் ஒருவரின் அனுபவம் சேரும், மற்றவருடையது சேராமல் போகலாம். ஏன் என்பதை ஓர் உதாரணக் கணக்கில் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் ஒரு தொழிற்சாலை. மே மாத இலைப் பதிவேட்டில் 3,00,000 கிலோ பசுந்தேயிலை வந்ததாக இருக்கிறது. தூள் 66,000 கிலோ. இலை தூளாகும் விகிதம், அதாவது அவுட்டர்ன், 22 சதவீதம். முந்தைய மூன்று மே மாதங்களிலும் 24 சதவீதத்தை ஒட்டியே இருந்திருக்கிறது. அந்த விகிதத்தில் 72,000 கிலோ தூள் வந்திருக்க வேண்டும். 6,000 கிலோ குறைகிறது. இலையாகக் கணக்கிட்டால் 25,000 கிலோ.

வவுச்சர் மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணில் படவே படாது. ஒவ்வொரு பணப் பட்டுவாடாவுக்கும் சீட்டு இருக்கிறது. அவுட்டர்னைப் பார்த்தவருக்கு இது கேள்வி. இன்னும் மோசடி ஆகிவிடவில்லை. மழையில் பறித்த இலை தண்ணீரைச் சுமந்து வரும், அவுட்டர்ன் விழும். ஈரத்துக்கான எடைக் கழிவைச் சரியாகப் பிடிக்கவில்லை என்றாலும் விழும். ஆகவே முதல் வேலை அந்த மாத மழைக் கணக்கையும் கழிவுப் பதிவையும் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுவது. அந்த ஒப்பீட்டில் விடை கிடைக்கவில்லை என்றால்தான் மேலே விசாரிக்க முகாந்திரம் பிறக்கிறது. முகாந்திரம் இல்லாமல் ஆய்வைத் தொடங்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி. முதலாளிக்கு ஒரு சூப்பர்வைசரைப் பிடிக்கவில்லை என்பது முகாந்திரம் ஆகாது.

இப்போது இரண்டு கருதுகோள்கள். ஒன்று, தூள் தயாராகிக் கணக்கில் வராமல் வெளியே போனது. மற்றொன்று, இலையே வரவில்லை, வந்ததாக எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் பிரித்துக் காட்ட மின்சார மீட்டரும் விறகுக் கணக்கும் உதவும். 72,000 கிலோ உண்மையில் காய்ந்திருந்தால், பதிவான 66,000 கிலோவுக்குக் கிலோ ஒன்றுக்கான மின்சாரமும் விறகும் ஏறத்தாழ 9 சதவீதம் கூடத் தெரியும். வழக்கமான அளவிலேயே இருந்து, டிரையர் வாயில் எடுத்த எடைப் பதிவும் 66,000ஐ ஒட்டி இருந்தால், இலையே வரவில்லை என்ற பக்கம் சாய்கிறது. மீட்டர் பழுதான மாதம், ஈர விறகு எரித்த மாதம் என்றால் இந்தச் சோதனை ஏமாற்றும். அதனால் மின்சாரம், விறகு, டிரையர் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அடுத்தது இலை கொடுத்தவர்களின் பட்டியல். மே மாதத்தில் புதிதாக ஏறிய 6 வழங்குவோர் எண்கள், ஒவ்வொன்றுக்கும் 4,000 கிலோ, மொத்தம் 24,000. பதிவில் ஒவ்வொருவருக்கும் அரை ஏக்கர் தோட்டம். அரை ஏக்கரிலிருந்து ஒரே மாதத்தில் 4,000 கிலோ இலை வராது. இங்கே தேயிலை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆறு எண்களுக்கும் பணம் போனது இரண்டே வங்கிக் கணக்குகளுக்கு. கிலோ 16 ரூபாய் என்றால் 3,84,000 ரூபாய். எடை மேடைச் சீட்டின் அடிக்கட்டையில் இந்த எண்கள் எதுவும் இல்லை. மிச்சம் 1,000 கிலோவுக்கு விளக்கம் கிடைக்கவில்லை. அதையும் அறிக்கையில் அப்படியே எழுத வேண்டும். தொகை கச்சிதமாகப் பொருந்த வேண்டும் என்று அந்த ஆயிரத்தையும் இந்த ஆறு எண்களோடு சேர்ப்பவர், குறுக்கு விசாரணையில் மீதி 24,000ஐயும் இழப்பார்.

எடை மென்பொருளின் கோப்பை இருந்த இடத்திலேயே திறந்து பார்ப்பது அடிக்கடி நடக்கும் தவறு. திறந்து சேமித்ததும் தேதி மாறிவிடுகிறது. முதலில் நகல், உடனே அதன் ஹாஷ் எண், பிறகு நகலில் மட்டும் வேலை. ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்; உள்ளே எது மாறினாலும் அதுவும் மாறிவிடும். விண்டோஸ் கணினியில் இது போதும்:

```
certutil -hashfile leaf_may.xlsx SHA256
```

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சான்றுச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணத்தோடு தரும் சான்றிதழில் இந்த ஹாஷ் எண்ணைக் குறிப்பிட வேண்டும். சான்றிதழ் இரண்டு பகுதி: ஒன்றில் கருவிக்குப் பொறுப்பானவரின் கையெழுத்து, மற்றொன்றில் நிபுணரின் கையெழுத்து. ஆகவே எடைக் கணினி யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை முதல் நாளே எழுதி வாங்குவது நல்லது.

இனி அறிக்கை. முதலாளி கேட்கப்போவது ஒன்றுதான்: "யார் எடுத்தது, பெயரைச் சொல்லுங்க சார்." ஏ.சி.எஃப்.இ. உறுதிமொழி தடுப்பது சரியாக இதைத்தான். கருத்துச் சொல்வதற்குப் போதிய சான்று திரட்ட வேண்டும் என்று ஒரு வரி. எந்த நபரின் குற்றம் பற்றியும் குற்றமின்மை பற்றியும் கருத்துச் சொல்லக் கூடாது என்று அடுத்த வரி. குற்றமின்மையும் அதில் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. "மேனேஜர் சுத்தமானவர்" என்று எழுதிக் கொடுப்பதும் மீறல்தான்.

"இலை சூப்பர்வைசர் 3,84,000 ரூபாய் திருடினார்" என்பது தவறான வாக்கியம். சரியானது இப்படி இருக்கும்: "மே மாதத்தில் புதிதாகச் சேர்த்த 6 எண்களின் பேரில் 24,000 கிலோவுக்கு 3,84,000 ரூபாய் இரண்டு வங்கிக் கணக்குகளுக்குச் செலுத்தப்பட்டுள்ளது. இவற்றுக்கு எடைச்சீட்டு அடிக்கட்டை இல்லை. ஆறு பதிவுகளும் சூப்பர்வைசரின் பயனர் பெயரில் ஏறியுள்ளன. அந்தக் கடவுச்சொல்லை மூன்று பேர் பயன்படுத்தியதாக மூவருமே எழுத்தில் கூறியுள்ளனர்." கடைசி வாக்கியம்தான் விதியின் நியாயம். பதிவு யார் பெயரில் ஏறியது என்பதற்குச் சான்று இருக்கிறது. யார் விரல் ஏற்றியது, எந்த எண்ணத்தில் ஏற்றியது என்பதற்கு இல்லை. எண்ணத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. கடவுச்சொல்லைப் பகிர விட்டது கட்டுப்பாட்டுக் குறை என்று மட்டும் தாராளமாகக் கருத்துச் சொல்லலாம். ஐ.சி.ஏ.ஐ. 2023 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கிய தடயக் கணக்கியல், புலனாய்வுத் தரங்களும் அறிக்கை பற்றி இதே எல்லையைத்தான் போடுகின்றன.

கட்டணத்திலும் ஒரு கண்ணி உண்டு. "மீட்டுக் கொடுங்க, அதுல பத்து சதவீதம் உங்களுக்கு" என்று தொழிற்சாலைக்காரர் நல்ல மனத்தோடுதான் சொல்வார். சி.ஏ. ஒருவர் அதை ஏற்க முடியாது. பட்டயக் கணக்காளர் சட்டம் 1949இன் முதல் அட்டவணை, முதல் பகுதி, 10ஆம் கூறு, முடிவைப் பொறுத்து அமையும் கட்டணத்தைத் தொழில் ஒழுங்கீனம் என்கிறது. விதிமுறைகள் விலக்கு அளித்த சில பணிகள் மட்டுமே வேறு. காரணம் தெளிவு. 24,000 கிலோவா 25,000 கிலோவா என்று முடிவு செய்கிறவரின் வருமானம் அந்த ஆயிரம் கிலோவில் தொங்கக் கூடாது. நாள்கணக்கிலோ மணிக்கணக்கிலோ கட்டணத்தை ஒப்பந்தக் கடிதத்தில் முன்பே எழுதிவிட வேண்டும்.

மலையில் இன்னொரு சிக்கல், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். வங்கிக் கணக்கு வைத்திருப்பவர் தணிக்கையாளரின் மச்சானாக இருக்கலாம். அந்த ஃபேக்டரியின் கடந்த மூன்று ஆண்டுக் கணக்கில் கையெழுத்திட்டவரே இந்த ஆய்வையும் ஏற்றால், தன் பழைய வேலையில் எது தப்பியது என்று தானே தேடுகிற நிலை வரும். உறுதிமொழி நலமுரண் உள்ள செயலில் ஈடுபடக் கூடாது என்கிறது. இந்த இரண்டு நிலையிலும் வேலையை வேறொருவருக்கு விடுவதே சரி.

விண்ணப்பத்தில் இந்த அனுபவத்தை எழுதும்போது இரண்டு விதிகள் மோதுகின்றன. செய்ததை விவரமாகச் சொல்ல வேண்டும்; தொழிலில் தெரிய வந்த ரகசியத்தை உரிய அனுமதியின்றி வெளியிடக் கூடாது. "தேயிலைத் தொழிற்சாலை, உள்தணிக்கை, அவுட்டர்ன் விலகலைக் கண்டறிந்து இலை வழங்குவோர் பட்டியல், எடைப் பதிவு, பட்டுவாடா மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு, 5 வாரம்" என்று எழுதினால் போதும். ஃபேக்டரியின் பெயர், ஊர், தொகை, சம்பந்தப்பட்டவர்களின் பெயர் எதுவும் தேவையில்லை. வேலை முடிந்த வாரமே இதைத் தனி நோட்டில் தேதியோடு குறித்து, மேலதிகாரியின் கையெழுத்தையும் வாங்கி வைப்பது நல்லது. இரண்டு ஆண்டு கழித்து விண்ணப்பிக்கும்போது அந்த மேலதிகாரி வேறு எஸ்டேட்டுக்குப் போயிருப்பார்.