500 ரூபாய் நோட்டு அச்சடித்தால் அரசுக்கு லாபம் எவ்வளவு?

ஒரு 500 ரூபாய் நோட்டை அச்சடிக்க ஏறக்குறைய இரண்டரை ரூபாய் ஆகிறது. அப்படியானால் மீதி 497.50 ரூபாய் அரசுக்கு லாபம்தானே என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். லாபம் இருப்பது உண்மை, அதற்கு செனியரேஜ் என்று பெயர். பணத்தை வெளியிடும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவருக்குக் கிடைக்கும் வருமானம் அது. ஆனால் அந்த 497.50 கணக்கு தப்பு.

நாணயத்துக்கு வேண்டுமானால் அந்தக் கணக்கு பொருந்தும். நாணயம் அடிப்பது மத்திய அரசு, அதை முகமதிப்புக்கே ரிசர்வ் வங்கியிடம் கொடுத்துவிடும், செலவு போக மிச்சம் அரசுக்கு. (2018-ல் வெளியான தகவலின்படி ஒரு ரூபாய் நாணயம் அடிக்க 1.11 ரூபாய் ஆனது, அதாவது அதில் நஷ்டம்தான்.)

நோட்டு அப்படியில்லை. 500 ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள், இதை வைத்திருப்பவருக்கு ஐந்நூறு ரூபாய் தருகிறேன் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்துப் போட்டிருப்பார். அது ஒரு கடன் பத்திரம் மாதிரி, ரிசர்வ் வங்கியின் கணக்கில் அது கடன் பக்கத்தில்தான் நிற்கும். சட்டப்படி அந்தக் கடனுக்கு ஈடாக மறுபக்கம் அதே மதிப்புக்குத் தங்கமோ, அரசுக் கடன் பத்திரமோ, வெளிநாட்டுப் பத்திரமோ இருந்தாக வேண்டும்.

லாபம் வருவது இந்த இரண்டு பக்கங்களுக்கும் உள்ள வித்தியாசத்தில். ரிசர்வ் வங்கி 7 சதவீத வட்டி தரும் 500 ரூபாய் அரசுப் பத்திரம் ஒன்றை வாங்கி, அதற்கு ஈடாக ஒரு நோட்டு புழக்கத்துக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் இருந்து வருடத்துக்கு 35 ரூபாய் வட்டி வரும். நம் பாக்கெட்டில் இருக்கும் நோட்டுக்கு ரிசர்வ் வங்கி ஒரு பைசா வட்டி தராது. அச்சுச் செலவு இரண்டரை ரூபாய், அதுவும் ஒரு தடவைதான், நோட்டு கிழிந்து மாற்றும்போது மறுபடி வரும். ஆக, ஒரே நாளில் 497.50 கிடைப்பதில்லை, அந்த நோட்டு நம்மிடம் இருக்கும் வரை வருடா வருடம் சுமார் 35 ரூபாய் கிடைக்கிறது. ரிசர்வ் வங்கி தன் செலவும் ஒதுக்கீடுகளும் போக மிஞ்சுவதை அரசுக்கே கொடுத்துவிடும். அதாவது கையில் ரொக்கம் வைத்திருக்கும் நாம் எல்லோரும் சேர்ந்து அரசுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறோம்.

2025 மார்ச்சில் புழக்கத்தில் இருந்த நோட்டுகள் சுமார் 37 லட்சம் கோடி ரூபாய். சொத்துகளில் சராசரியாக 5 சதவீதம் வருகிறது என்று வைத்தாலே வருடத்துக்கு 1.85 லட்சம் கோடி. அந்த வருடத்து அச்சுச் செலவு சுமார் 6,373 கோடிதான். அந்த ஆண்டுக்காக அரசுக்குப் போன உபரி 2,68,590 கோடி, ஆனால் அது முழுக்க செனியரேஜ் இல்லை, முன்பு குறைந்த விலைக்கு வாங்கிய டாலரை அதிக விலைக்கு விற்றதில் வந்த லாபமும் அதில் சேர்ந்திருக்கிறது.

சரி, அப்படியானால் இன்னும் நிறைய அச்சடிக்கலாமே? முடியாது, ஏனென்றால் எவ்வளவு ரொக்கம் கையில் வைத்திருப்பது என்பதை முடிவு செய்வது நாம். தேவைக்கு மேல் வந்தால் வங்கியில் போட்டுவிடுவோம், வங்கி அதை ரிசர்வ் வங்கிக்கே திருப்பி அனுப்பிவிடும். அப்புறம் அந்தப் பணத்துக்கு வட்டி கொடுக்கும் நிலை ரிசர்வ் வங்கிக்கே வரும்.

2016-ல் இதுதான் நடந்தது. நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள், மொத்தம் 15.41 லட்சம் கோடி. அதில் பெரும்பகுதி திரும்பாது, திரும்பாத அளவுக்கு ரிசர்வ் வங்கியின் கடன் அழிந்துபோகும், அது அரசுக்கு லாபம் என்று அப்போது பலர் நம்பினார்கள். ஆனால் 15.31 லட்சம் கோடி திரும்பி வந்துவிட்டது, அழியும் என்று எதிர்பார்த்த கடன் அழியவே இல்லை. அதுவரை வட்டியில்லாமல் வீட்டுப் பீரோவில் கிடந்த பணம் வங்கி டெபாசிட்டாக மாறியது, டெபாசிட் போட்டவர்களுக்கு வங்கிகள் வட்டி தர வேண்டும், அதனால் வங்கிகள் அந்தப் பணத்தை ரிசர்வ் வங்கியிடம் கொண்டுபோய் வைத்தன, ரிசர்வ் வங்கி அதற்கு 6 சதவீதத்தை ஒட்டிய வட்டி கொடுக்க வேண்டியிருந்தது. இதில் மட்டும் அந்த வருடம் 17,000 கோடிக்கு மேல் போனது. புது நோட்டு அடிக்கும் செலவும் 3,421 கோடியில் இருந்து 7,965 கோடிக்கு ஏறியது. ரூபாய் வலுத்ததால் வெளிநாட்டுச் சொத்துகளின் வருமானமும் குறைந்தது. முந்தைய வருடம் அரசுக்கு 65,876 கோடி கொடுத்த ரிசர்வ் வங்கி, 2016-17-க்குக் கொடுத்தது 30,659 கோடிதான்.