மீட்டர் நல்லது என்ற கிணறும் பிள்ளையின் பற்களும்

தருமபுரி மாவட்டத்தில் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு முறை பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒருவர் இரண்டு பாட்டில் தண்ணீரோடு வந்தார். கையில் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர், தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டுவது. "சார், பழைய போர் 1150 காட்டுது. பத்து வருஷம் முன்னாடி போட்ட புது போர் 520தான். அதைத்தான் குடிக்கிறோம். எதுக்கும் ஒரு தடவ பாத்துக் குடுங்க" என்றார். பக்கத்தில் நின்ற ஒன்பது வயது மகள் சிரித்தபோது முன்பற்களில் காவிநிறப் பட்டைகள் தெரிந்தன. அதைப் பார்த்ததும் இரண்டிலும் ஃபுளோரைடைத்தான் முதலில் அளந்தேன்.

பழைய போரில் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம். புது போரில் 2.6. இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 ஃபுளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவாகச் சொல்வது 1.0, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை. மீட்டர் நல்லது என்று காட்டிய தண்ணீர்தான் அந்தப் பிள்ளையின் பல்லைக் கறையாக்கியிருந்தது.

மீட்டர் பழுதில்லை. அது அளப்பது வேறு. அதன் நுனியில் இருக்கும் இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்க்கிறது; வெப்பநிலைக்கு ஏற்பச் சரிசெய்து, ஒரு எண்ணால் பெருக்கி, ppm, அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று திரையில் காட்டுகிறது. அந்தப் பெருக்கும் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிலதில் 0.5, சிலதில் 0.7. புது போர்த் தண்ணீரின் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1040 மைக்ரோசீமென்ஸ். அவருடைய மீட்டர் 0.5 வகை, அதனால் 520. அதே தண்ணீரை 0.7 வகை மீட்டரில் வைத்தால் 728. வடிகட்டி, 180 டிகிரியில் வற்றவைத்து, மிஞ்சிய உப்பை நான் எடைபோட்டபோது வந்தது 680. அதனால் ஒருவர் மீட்டரில் வந்த எண்ணை இன்னொருவர் மீட்டரோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

இப்போது அந்த 2.6 மில்லிகிராம் ஃபுளோரைடு திரையில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 8 மைக்ரோசீமென்ஸ். அவர் மீட்டரில் 4. அதாவது ஃபுளோரைடே இல்லாவிட்டால் 520 என்பது 516 ஆகும், அவ்வளவுதான். சாதாரண மீட்டரில் இரண்டு சதவீதப் பிழை சகஜம். 520க்கு அதுவே பத்து. பல்லைக் கெடுக்கும் அளவு, மீட்டரின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடுகிறது. மின்சாரமே கடத்தாத பூச்சிமருந்தும், கழிவுநீர்க் கிருமிகளும் மீட்டரில் தெரியவே தெரியாது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கரைத்து மீட்டரை விட்டுப் பாருங்கள், எண் ஏறாது. ஒரு சிட்டிகை உப்பு போட்டால் எகிறும்.

எங்கள் பகுதியில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீரில் கால்சியம் அதிகமிருந்தால் ஃபுளோரைடு அதனோடு சேர்ந்து படிந்துவிடும், ஓரளவுக்கு மேல் கரைந்து நிற்காது. கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த தண்ணீரில்தான் அது கூடுகிறது. புது போரில் கடினத்தன்மை 110தான்; பருப்பு நன்றாக வேகும், சோப்பு நுரைக்கும், வாய்க்கும் நன்றாக இருக்கும். பழைய போரில் 540. சப்பென்று இருக்கும், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். ருசியும் மீட்டரும் ஒரே பக்கம் கை காட்டின, இரண்டும் தவறான கிணற்றைத்தான் காட்டின.

மீட்டரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வருவதையும் மாதம் ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். 800 போய் 60 வந்த இடத்தில் 180 வர ஆரம்பித்தால் மெம்பரேன் தேய்ந்திருக்கலாம். ஆனால் ஃபுளோரைடு மட்டும் எடுக்கும் அலுமினா ஃபில்டரை இப்படிச் சோதிக்க முடியாது. நல்ல ஃபில்டரிலும் எண் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். "வேலை செய்யல" என்று அதைத் திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஃபுளோரைடையே அளக்க வேண்டும். மாவட்டத் தலைநகரிலுள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கேட்கலாம். கண்ணாடி வேண்டாம், கழுவிய பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுபோங்கள்.

பழைய போரில் நைட்ரேட் 38, வரம்பான 45க்குள். மொத்த உப்பு எடைபோட்டபோது 1460. ஏற்கத்தக்க 500ஐத் தாண்டியது என்றாலும், வேறு வழியில்லாதபோது அனுமதிக்கும் 2000க்கும் கடினத்தன்மை வரம்பான 600க்கும் உள்ளேதான். கிருமிச் சோதனையும் சரியாக வந்தது. குடிக்கவும் சமைக்கவும் அதையே எடுக்கச் சொன்னேன். புது போர் துவைக்க, குளிக்க. "ருசியே இருக்காதே சார்" என்றார். மூத்த பிள்ளையின் பல்லில் விழுந்த கறை தண்ணீரை மாற்றினாலும் போகாது. வீட்டில் இரண்டு வயதுத் தம்பி இருக்கிறான், அவனுக்கு நிலைப் பற்கள் ஈறுக்குள் இப்போதுதான் உருவாகின்றன என்றேன். அன்று மாலையே குடத்தை மாற்றிவிட்டதாக மறுநாள் போன் செய்தார்.