அம்பு போடும் முன் ஆண்டைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் சாதாரண தர மாணவர்களுக்கு வரலாறு படிப்பிக்கிறேன். பெருந்தோட்டங்கள் பற்றிய அலகு வந்தால் பிள்ளைகள் அநேகமாக எல்லா வரியிலும் கோடு போட்டுவிடுவார்கள். எல்லாமே முக்கியம் என்றால் எதுவும் மனதில் நிற்காது.

முதல் வாசிப்பில் கோடு வேண்டாம். தாளைக் குறுக்காக வைத்து, ஆண்டுகளை மட்டும் ஒரு நேர்கோட்டில் எழுதுங்கள். 1840 முடிக்குரிய காணிச் சட்டம், 1848 மாத்தளைக் கிளர்ச்சி, 1867 கொழும்பு–கண்டி ரயில் பாதை, அதே ஆண்டில் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை, 1869 கோப்பியில் இலைத்துரு நோய். ஐந்தே போதும். பத்தைத் தாண்டினால் அது பாடப்புத்தகத்தின் நகல்தான்.

எது எதற்குக் காரணம் என்று பெட்டிகளையும் அம்புகளையும் போட்டுக் காட்டும் காரணச் சங்கிலிக்கு வேறு தாள் எடுங்கள். ஏனென்றால் நேர்கோட்டில் அடுத்தடுத்து இருப்பவற்றை அப்படியே அம்புகளால் இணைத்துவிடுகிறார்கள். அடுத்து நடந்தது என்பதற்காக ஒன்று மற்றதன் விளைவு ஆகிவிடாது. ஒவ்வொரு அம்பின் மேலும் "எப்படி" என்பதற்கு இரண்டு மூன்று சொற்கள் எழுதச் சொல்வேன். எழுத வராவிட்டால் அந்த அம்பை அழித்துவிட வேண்டியதுதான்.

1848ஐ எடுப்போம். 1840களின் பிற்பகுதியில் கோப்பி விலை சரிந்தது. அரசின் வருமானம் குறைந்தது. பற்றாக்குறையைச் சரிக்கட்ட ஆளுநர் டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும்கூட வரி போட்டார். மக்கள் கொதித்தார்கள். இது ஒரு சங்கிலி. உறுதி இல்லாத காணிகளை அரசுக்குரியதாக்கிய 1840 சட்டத்திலிருந்து வரும் கசப்பு இன்னொரு சங்கிலி. இரண்டும் வந்து கிளர்ச்சி என்ற ஒரே பெட்டியில் முட்டும். "காரணங்கள் இரண்டு தருக" என்று கேள்வி வந்தால், அந்த இரு அம்புகளே விடை.

அடுத்தது எல்லோரும் சறுக்கும் இடம். "நோய் வந்தபடியால்தானே ரீச்சர் தேயிலை நட்டவை?" என்று கேட்பார்கள். நேர்கோட்டைப் பாருங்கள்: தேயிலை 1867, நோய் 1869. காரணம் விளைவுக்குப் பிறகு வர முடியாதே! அப்போ அம்பை அழிப்பதா? இல்லை, முனையில் உள்ள சொல்லை மாற்ற வேண்டும். நோயின் விளைவு தேயிலையின் தொடக்கம் அல்ல, அதன் பரவல். கோப்பி அழிய, தோட்டக்காரர்கள் தேயிலைக்கு மாறினார்கள். கோப்பிக்கென்று போட்ட ரயில் பாதை பிறகு தேயிலையை ஏற்றியது. இப்படித் திருத்திய அம்பைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

சரி, வரைந்து முடித்தால் பாடம் வந்துவிட்டதா? அடுத்த நாள் வெறுந்தாளில் இரண்டையும் பார்க்காமல் வரையுங்கள். ஆண்டு வந்து அம்பின் மேல் சொல் வராவிட்டால் அந்தப் பந்தியை மட்டும் திரும்ப வாசியுங்கள். சொல் வந்து ஆண்டு தடுமாறினால் பயப்பட வேண்டாம். எது முதலில் என்ற ஒழுங்கு சரியா என்று மட்டும் பாருங்கள்.