கரிஃபுனா: ஒரு தீவில் உருவாகி, பல பெயர்கள் கண்ட இனம்

கரிஃபுனா மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று என்பதை அபான், பியாமா, உருவா என்பார்கள். அடுத்து வருபவை கடுரு, செங்கு, சிசி. பிரெஞ்சு கற்றவர்களுக்கு இவை உடனே பிடிபடும், ஏனென்றால் நான்கிலிருந்து எல்லாமே பிரெஞ்சு எண்கள்தான். மொழியின் அடிப்படையோ தென் அமெரிக்கப் பழங்குடிகளின் அரவாக் குடும்பத்தைச் சேர்ந்தது. பேசுபவர்களின் தோற்றம் ஆப்பிரிக்கச் சாயல் கொண்டது. ஹோண்டுராஸ், பெலீஸ், குவாத்தமாலா கரையோரங்களில் வாழும் இந்த மக்கள், 400 ஆண்டுகளுக்கு முன் ஓர் இனமாகவே இருக்கவில்லை.

கதை நடந்த இடம் கரீபியக் கடலின் செயின்ட் வின்சென்ட் தீவு. அங்கிருந்த கலினாகோ மக்களே ஒரு கலப்பில் பிறந்தவர்கள்தான். தங்கள் முன்னோர் தென் அமெரிக்காவிலிருந்து வந்து, தீவின் ஆண்களைக் கொன்று பெண்களை மணந்தார்கள் என்று அவர்களே சொல்லிவந்தார்கள். வந்தவர்கள் உண்மையில் எத்தனை பேர் என்ற விவாதம் இருக்கட்டும். மொழியில் அதன் தடம் தெரிகிறது. வீட்டு மொழி பெண்களுடைய அரவாக்காகவே நின்றது, ஆண்கள் தங்களுக்குள், வந்தவர்களின் மொழியான கரீப்பின் சொற்களைக் கலந்து பேசினார்கள். இன்றும் கரிஃபுனாவில் ‘நான்’ என்பதற்கு ஆண்கள் சொல்லும் சொல் வேறு, பெண்கள் சொல்லும் சொல் வேறு.

17ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கர்கள் இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். 1635 வாக்கில் அடிமைக் கப்பல்கள் உடைந்து, தப்பியவர்கள் கரையேறியதாக மரபு சொல்கிறது. அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. கிழக்கே பார்படாஸ் தீவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து அடிமைகள் படகேறித் தப்பினார்கள், காற்றே அவர்களை இந்தப் பக்கம் தள்ளியது. அவர்கள் பல ஆப்பிரிக்க மொழிகளைப் பேசியவர்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. தீவில் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்தது கலினாகோ மொழிதான். கலினாகோ பெண்களை மணந்தவர்களின் பிள்ளைகளுக்கு அதுவே தாய்மொழி ஆனது. நச்சு மரவள்ளியைத் துருவி, சாறு பிழிந்து, ரொட்டி சுடும் முறையும் அப்படித்தான் கைமாறியது.

என்னை மிகவும் பாதித்த விவரம் ஒன்று உண்டு. கைக்குழந்தைகளின் நெற்றியை அழுத்தித் தட்டையாக்குவது கலினாகோ வழக்கம். கறுப்பினப் பெற்றோரும் அதை எடுத்துக்கொண்டார்கள். சுற்றியிருந்த தீவுகளில் கறுப்பு நிறம் என்றாலே அடிமை என்று பொருள். தட்டையான நெற்றி இருந்தால், இந்தப் பிள்ளை சுதந்திரமாகப் பிறந்தது என்று பார்த்தவுடன் தெரியும். இனம் உருவாவதில் இரத்தக் கலப்பை விட இந்த எல்லைக்கோடு முக்கியம் என்று நான் நினைக்கிறேன். யாரிடமிருந்து நம்மைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்ற தேவை எழும்போது, அதற்கான அடையாளங்கள் வேகமாக ஒன்றுசேர்கின்றன. இங்கே அதற்குச் சில தலைமுறைகளே போதுமானதாக இருந்தன.

ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்கக் கலப்புள்ள இவர்களைக் ‘கறுப்புக் கரீப்கள்’ என்றும் மற்ற கலினாகோக்களை ‘சிவப்புக் கரீப்கள்’ என்றும் பிரித்தார்கள். 1763இல் தீவு பிரிட்டன் கைக்குப் போனதும் இந்தப் பெயருக்கு அரசியல் பயன் வந்தது. கரும்புக்கு ஏற்ற நல்ல நிலம் கறுப்புக் கரீப்களிடம் இருந்தது. அவர்கள் மண்ணின் மக்கள் அல்ல, அந்நியர்கள் என்று காட்டினால் நிலத்தைப் பறிப்பது எளிது. பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு அவர்கள் போரிட்டார்கள், 1795இல் தலைவர் சட்டூயே கொல்லப்பட்டார். தோற்றவர்களில் ஏறத்தாழ 5,000 பேரை பாலிசோ என்ற சிறு தீவில் அடைத்தார்கள். பாதிப்பேர் அங்கேயே நோயில் மடிந்தார்கள். சிவப்பாகத் தெரிந்தவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள், அதாவது ஒரே மொழியும் வழக்கமும் கொண்டவர்கள் நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டார்கள். எஞ்சிய 2,000 பேர் அளவில் 1797 ஏப்ரலில் ஹோண்டுராஸ் அருகே ரோவட்டான் தீவில் இறக்கிவிடப்பட்டார்கள்.

அப்புறம் பெயர்கள் மாறிக்கொண்டே போயின. பெலீஸில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அவர்கள் வெறும் ‘கரீப்’. 1970களுக்குப் பிறகுதான், அவர்களே தங்களை அழைத்துக்கொண்ட ‘கரிஃபுனா’ என்ற பெயர் பொதுவெளியில் நிலைத்தது. ‘கலினாகோ’ என்ற சொல்லுக்கு அது உறவு. இன்று மரபணுவைச் சோதித்தால் பெரும்பகுதி ஆப்பிரிக்காவையும், சிறு பகுதி அமெரிக்கப் பழங்குடிகளையும் காட்டும். தங்களை யாரென்று அவர்கள் நினைத்தார்கள் என்பதை அந்தச் சோதனையால் சொல்ல முடியாது.

நியூயார்க்கில் குடியேறிய கரிஃபுனாக்களின் முன்னால் கணக்கெடுப்புப் படிவம் வரும்போது அதே சிக்கல் மறுபடி வருகிறது. ஹோண்டுராஸிலிருந்து வந்து ஸ்பானிய மொழி பேசும் ஒருவர் கறுப்பர், ஹிஸ்பானிக், பழங்குடி என்ற மூன்றில் எதைக் குறித்தாலும் தவறில்லை. டொமினிக்கா தீவில் பழங்குடிகளாகவே ஏற்கப்பட்ட கலினாகோக்களிடமோ, தீவுக் கரீப் எனப்படும் அவர்களுடைய மொழி 1920 வாக்கிலேயே வழக்கொழிந்துவிட்டது. அந்தக் குடும்பத்து மொழியை இன்றும் வீட்டில் பேசுபவர்கள், அந்நியர் என்று நாடு கடத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான்.