கீசரில் வீணாகும் கரண்ட்: டைமர் எவ்வளவு மிச்சப்படுத்தும், தெர்மோஸ்டாட் எவ்வளவு?

மதுரையில் மார்கழி விடியலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் ஏறக்குறைய 25 டிகிரியில் இருக்கும். குளிக்க இதமான சூடு 40 டிகிரி. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 1.16 வாட்-மணி மின்சாரம் தேவை. அப்படியென்றால் 18 லிட்டர் வாளி ஒன்றுக்கு 0.31 யூனிட். வீட்டில் நான்கு பேர் ஆளுக்கு ஒரு வாளி குளித்தால் ஒண்ணேகால் யூனிட் ஆகிறது. இதை எந்த டைமராலும் குறைக்க முடியாது. வாளியை விட்டுவிட்டு ஷவரில் ஐந்து நிமிடம் நின்றால் இரண்டு வாளிக்கு மேலேயே போய்விடும் என்பது தனிக் கதை.

தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்தால் குளியல் செலவு குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். குறையாது. கீசரில் 60 டிகிரி இருந்தால் வாளியில் எட்டு லிட்டர் வெந்நீர் விட்டுப் பத்து லிட்டர் பச்சைத் தண்ணீர் கலக்கிறோம். 50 டிகிரி இருந்தால் பதினொரு லிட்டர் வெந்நீர் பிடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டிலும் வாளிக்குள் போன வெப்பம் ஒன்றுதான்.

பிறகு மிச்சம் பிடிக்க எங்கே இடம் இருக்கிறது? யாரும் குளிக்காத நேரத்தில் தொட்டியின் சுவர் வழியாகக் கசிகிற வெப்பத்தில்தான். கீசரில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளைப் பாருங்கள். 24 மணி நேரத்தில், உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே உள்ள காற்றைவிட 45 டிகிரி சூடாக இருந்தால் எத்தனை யூனிட் வீணாகும் என்று அதில் போட்டிருக்கும். ஒரு 15 லிட்டர் கீசரில் அது 0.6 என்று வைத்துக்கொள்வோம். நம் குளியலறை 25 டிகிரி, கீசர் 60 டிகிரி, வித்தியாசம் 35. கசிவு அதே விகிதத்தில் குறைந்து நாளுக்கு 0.47 யூனிட் ஆகும். சுவிட்சை அணைக்காமலே விட்டால், காலையில் ஒருவர் வாளி நிரப்பிக் குளிக்கும் செலவைவிட ஒன்றரை மடங்கு கரண்ட் நாள் முழுக்கச் சும்மாவே போகிறது.

"அணைத்து அணைத்துப் போட்டால் திரும்பச் சூடேற்ற அதிகமாக இழுக்குமே, எப்போதும் போட்டே வைத்துவிடலாம்" என்று சொல்வார்கள். இது சரியில்லை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிறைய நின்றால்தான் வேகமாக ஒழுகும். மட்டம் இறங்க இறங்க ஒழுக்கும் மெதுவாகும். ஆறிக்கொண்டிருக்கும் கீசரும் அப்படித்தான், சூடு குறையக் குறைய இழப்பும் குறைகிறது. ஆறிய அளவை மட்டும் மறுநாள் ஈடுகட்டினால் போதும். அது எப்போதும், சூடாகவே வைத்திருந்தால் ஆகும் செலவைவிடக் குறைவு.

இப்போது அந்த நான்கு பேர் வீட்டையே எடுத்துக்கொள்வோம். கீசர் 15 லிட்டர், 2 கிலோவாட். குளியல் 5.45, 6.00, 6.15, 6.30 மணிக்கு. 25 டிகிரியிலிருந்து 60 வரை தொட்டி முழுவதும் சூடாக 0.61 யூனிட், அதாவது 18 நிமிடம். கொஞ்சம் கூடுதலாகவே விட்டு 5.20-க்கு டைமர் போடட்டும். ஒரு வாளிக்கான வெப்பத்தைத் திரும்பச் சேர்க்க 2 கிலோவாட்டுக்கு ஒன்பதரை நிமிடம் போதும். ஆளுக்கு ஆள் பதினைந்து நிமிட இடைவெளி இருக்கும்வரை வெந்நீர் தீரவே தீராது. எல்லோரும் ஒரே நேரத்தில் அவசரப்படும் வீட்டில்தான் தட்டுப்பாடு வரும். அங்கே தெர்மோஸ்டாட்டை 60-க்குக் கீழே இறக்கக் கூடாது, ஏனென்றால் கையிருப்பு வெந்நீர் அதைப் பொறுத்தது. 15 லிட்டர் கீசர் 60 டிகிரியில், கீழே பச்சைத் தண்ணீர் கலப்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒன்றரை வாளிக்குத் தாங்கும். 50-ல் ஒரு வாளியோடு முடிந்துவிடும்.

அணைக்கும் நேரம்தான் முக்கியமான இடம். பெரும்பாலோர் எல்லோரும் குளித்து முடித்த பிறகு அணைக்கிறார்கள். கடைசி ஆள் வெந்நீர் பிடிக்கப் பிடிக்க அடியில் பச்சைத் தண்ணீர் ஏறுகிறது. தெர்மோஸ்டாட் அதைக் கண்டு மறுபடி சூடேற்றுகிறது. யாருக்கும் வேண்டாத அந்த வெந்நீர் நாள் முழுக்கத் தொங்கிக்கொண்டு ஆறும். அதனால் கடைசி ஆள் உள்ளே போகும் 6.30-க்கே டைமர் அணைய வேண்டும். தொட்டியில் இருக்கும் வெந்நீர் அவருக்குத் தாராளமாகப் போதும். மீதி வெதுவெதுப்பாக நிற்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அணையும் நேரத்தை ஐந்து நிமிடம் முன்னே தள்ளிப் பாருங்கள். கடைசி ஆள் "தண்ணி சரியாச் சுடலையே" என்றதும் ஐந்து நிமிடம் பின்னால் வந்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்படி வைத்தால் 0.47 யூனிட் இழப்பு ஏறக்குறைய 0.17 ஆகிறது. நாளுக்கு 0.3, இரண்டு மாத பில்லில் 18 யூனிட். டைமர் இல்லாமல் தெர்மோஸ்டாட்டை மட்டும் 60-லிருந்து 50-க்கு இறக்கினால் நாளுக்கு 0.13 யூனிட்தான் கிடைக்கும். இரண்டு குளியலறை இருந்தால் டைமரின் 18 யூனிட் 36 ஆகும். 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு இது பெரிய விஷயம். அந்த எல்லையைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு விலை ஏறுவதோடு, கீழ்ப்படியில் கிடைத்த சலுகை விலையும் போய்விடும்.

பழைய கீசரில் மிச்சம் இன்னும் அதிகம். உங்களுடையது எப்படி என்று ஓர் இரவில் கண்டுபிடிக்கலாம். பத்து மணிக்குக் கீசரின் விளக்கு அணையும்வரை 60 டிகிரிக்குச் சூடேற்றிவிட்டு சுவிட்சை அணையுங்கள். காலை ஆறு மணிக்குக் குழாயில் நிற்கும் தண்ணீரை ஓடவிட்டு, அடுத்து வருவதை ஒரு செம்பில் பிடித்து வெப்பமானி வையுங்கள். 52 டிகிரி அளவில் இருந்தால் நாம் கணக்குப் போட்ட கீசர் மாதிரிதான். 46 என்றால் கசிவு அதைப்போல் இரண்டு மடங்கு, டைமர் இரண்டு மாதத்தில் 40 யூனிட் வரை மிச்சப்படுத்தும். 3 லிட்டர் உடனடி கீசருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை.

தெர்மோஸ்டாட்டை 55-லிருந்து 60-க்குள் வைப்பது என் யோசனை. 45-ல் வைத்து எப்போதும் போட்டே விடுவதுதான் மோசமான ஏற்பாடு. லெஜியோனெல்லா என்ற நிமோனியாக் கிருமி வளர அந்த வெதுவெதுப்பு தோதானது, 60-ல் அது சாகும். 70-க்குப் போனால் போர் தண்ணீரின் உப்பு ஹீட்டர் கம்பியில் வேகமாகப் படியும். கம்பி தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் உப்புப் படிந்தாலும் கரண்ட் பெரிதாக வீணாவதில்லை. ஆனால் கம்பி உள்ளுக்குள் அதிகமாகச் சூடாகி எரிந்துபோகும். சூடேறும்போது சடசடவென்று சத்தம் வந்தால் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. சில மாடல்களில் குமிழ் வெளியே இருக்கும். மற்றவற்றில் அடிமூடிக்குள் சின்னத் திருகாக இருக்கும். அதை மெயினை அணைத்து எலக்ட்ரீசியன்தான் தொட வேண்டும்.

டைமர் வாங்கும்போது 16 ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள். 2 கிலோவாட் கீசர் ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும், 3 கிலோவாட் பதின்மூன்று. மாட்டிய பிறகு இருபது நிமிடம் ஓடவிட்டு, கீசரை அணைத்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் சாக்கெட்டில் பிடிப்பு சரியில்லை. பற்கள் வைத்த சுழல் டைமர் மலிவு, ஆனால் அதன் கடிகாரம் கரண்ட்டில்தான் ஓடும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து வரை மின்தடை வந்தால் எட்டு மணி நேரம் பின்தங்கிவிடும், மறுநாள் வெந்நீர் மதியம்தான். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு இந்தத் தொல்லை இல்லை. சித்திரை பிறந்ததும் 5.20-ஐ 5.30 ஆக்குங்கள், தொட்டித் தண்ணீரே 30 டிகிரியில் இருக்கும். மாலைக் குளியலுக்கு அப்போது கீசரே வேண்டாம்.